68 என்பது 68 தானா?

எங்கள் பாடசாலைகளின் முன்னேற்ற அறிக்கையில் ஒரு பெட்டி குறைகிறது. பாடத்தின் பெயர் இருக்கிறது, புள்ளி இருக்கிறது, வகுப்பில் எத்தனையாம் இடம் என்பதும் வகுப்பாசிரியரின் குறிப்பும் இருக்கின்றன. அந்தப் புள்ளி எவ்வளவு மேலே கீழே அசையக்கூடியது என்பதைச் சொல்லும் இடம் மட்டும் இல்லை. அந்தப் பெட்டியைச் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. கணிதம் கற்பிக்கும் ஒருத்தி என்ற முறையில், கருத்தோடு கணக்கையும் சேர்த்தே இங்கே வைக்கிறேன்.

தரம் 5 பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சு பழகியிருக்கும்: "ரீச்சர், போன மாதிரிப் பரீட்சையில 68 எடுத்த புள்ள, இந்த முற 60. ரெண்டு ரியூசனுக்கும் அனுப்புற. ஏன் குறைஞ்ச?" கேட்பது வாப்பாவாக இருந்தால் குரலில் கோபம் இருக்கும், உம்மாவாக இருந்தால் கவலை இருக்கும். பிள்ளை கதிரையின் விளிம்பில் தலையைக் குனிந்தபடி இருக்கும். ஆசிரியரும் ஏதாவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டுமே என்று, "வீட்டில கொஞ்சம் கவனம் குறைஞ்சிருக்கும்" என்று சொல்லிவிடுவார். அன்றிரவு வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

அந்த எட்டுப் புள்ளி வீழ்ச்சி உண்மையிலேயே நடந்ததா என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்ப்போம்.

வாவியில் கோல் ஊன்றி ஆழம் பார்க்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று வீசுகிறது, நீர் அலைகிறது. கோலில் நனைந்த அடையாளம் ஒரு தரம் இடுப்பளவு காட்டும், அடுத்த தரம் அதற்கு நான்கு விரல் மேலே காட்டும். வாவியின் ஆழம் அந்த இரண்டு கணத்துக்குள் மாறிவிடவில்லை. அளப்பதில் ஓர் அசைவு இருக்கிறது, அவ்வளவுதான். பரீட்சையும் ஓர் அளவுகோல். 40 வினாக்களுள்ள தாளில் ஒரு பிள்ளை 27 வினாக்களுக்குச் சரியாக விடை எழுதுகிறாள். அதே பாடத்திட்டத்திலிருந்து, அதே கடினத்தில், வேறு 40 வினாக்களைக் கேட்டிருந்தால் 25 சரியாகியிருக்கலாம், 30 சரியாகியிருக்கலாம். அவளுக்குத் தெரிந்த மூலை ஒன்றிலிருந்து வினா வந்திருக்கும், தெரியாத மூலை தப்பியிருக்கும். அல்லது இதற்கு நேர்மாறாக நடந்திருக்கும். இரண்டு விடைகளுக்கிடையில் தடுமாறி ஒன்றில் கோடிட்டது பலித்திருக்கும். இந்த அசைவின் சராசரி அளவுக்குத்தான் அளவீட்டின் நியம வழு என்று பெயர். புள்ளியியல் படிக்கும் மாணவிகளுக்கு நியம விலகல் தெரியும். ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சோதித்தால் வரக்கூடிய புள்ளிகளின் நியம விலகலே இது.

ஒரே பிள்ளையை நூறு முறை சோதிக்க முடியாதே என்பீர்கள். தேவையில்லை. ஒரே தாளுக்குள் இரண்டு தாள்கள் ஒளிந்திருக்கின்றன. 1, 3, 5 என்ற ஒற்றை எண் வினாக்கள் இருபதும் ஒரு தாள். 2, 4, 6 என்ற இரட்டை எண் வினாக்கள் இருபதும் இன்னொரு தாள். அதே பிள்ளை, அதே காலை, அதே மேசை. புள்ளி அவளுடைய ஆற்றலை மட்டும் காட்டுமானால் இரண்டு பாதியிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை வர வேண்டும். வராத அளவே அளவுகோலின் அசைவு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒற்றைப் பாதியிலிருந்து இரட்டைப் பாதியைக் கழித்து, அந்த வித்தியாசங்களின் நியம விலகலைக் கண்டால், அதுவே முழுத் தாளின் அளவீட்டு நியம வழு. இதை 1939 இல் ரூலன் என்பவர் காட்டினார். நம்பகத்தன்மைக் குணகம், இணைபுக் குணகம் எதுவும் கணிக்க வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் கணிகருவியும் போதும்.

கணக்கு விளங்குவதற்காகப் பத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்து காட்டுகிறேன். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. வித்தியாசங்கள் இப்படி இருக்கட்டும்: 2, −3, 0, 4, −1, 1, −4, 3, −2, 0. கூட்டினால் பூச்சியம், ஆகவே சராசரியும் பூச்சியம். (உங்கள் வகுப்பில் அப்படி வராவிட்டால், சராசரியை ஒவ்வொன்றிலிருந்தும் முதலில் கழித்துக்கொள்ளுங்கள்.) வர்க்கங்கள் 4, 9, 0, 16, 1, 1, 16, 9, 4, 0. கூட்டுத்தொகை 60. பத்தால் பிரித்தால் 6. அதன் வர்க்கமூலம் 2.45. அதாவது இந்தத் தாளில் நியம வழு ஏறத்தாழ இரண்டரை வினா. 40 வினாவுக்கு 100 புள்ளி என்றால் ஒரு வினாவுக்கு இரண்டரைப் புள்ளி. ஆக வழு சுமார் 6 புள்ளி. உண்மையில் செய்யும்போது பத்துப் பேர் போதாது. முழு வகுப்பையும், முடிந்தால் சமாந்தர வகுப்புகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்தப் பிள்ளையிடம் வருவோம். 27 வினா சரி, அதாவது 68 புள்ளி. இருபுறமும் ஒரு வழுவை விட்டால் 61 இலிருந்து 74 வரை ஓர் ஆயிடை கிடைக்கிறது. இப்படி ஒவ்வொரு பரீட்சையிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆயிடை வரைந்துகொண்டே போனால், மூன்றில் இரண்டு முறை பிள்ளையின் மெய்யான மட்டம் அதற்குள் இருக்கும். இருபதில் பத்தொன்பது முறை பிடிபட வேண்டுமென்றால் இரண்டு வழுக்களை விட வேண்டும். அப்போது ஆயிடை 55 இலிருந்து 80 வரை போகிறது. இதைக் கேட்டதும் பெற்றோருக்கு முகம் சுருங்கும் என்பது எனக்குத் தெரியும். "அப்ப இந்தப் பரீட்சையால என்ன பிரயோசனம்?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. பிரயோசனம் இருக்கிறது, ஆனால் நாம் இதுவரை நினைத்ததைவிடச் சற்றுக் குறைவு. 30 எடுத்த பிள்ளையும் 68 எடுத்த பிள்ளையும் ஒரே மட்டத்தில் இல்லை என்பதை இந்தத் தாள் உறுதியாகச் சொல்லும். 68 எடுத்த பிள்ளையும் 63 எடுத்த பிள்ளையும் வேறு மட்டமா என்று கேட்டால் அது சொல்லாது. நாமோ அந்த ஐந்து புள்ளிக்குள்தான் மூன்றாமிடம், ஏழாமிடம், பதினோராமிடம் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருக்கிறோம்.

அடுத்த பரீட்சையில் அவள் 24 வினா சரியாக எழுதினாள். 60 புள்ளி. மூன்று வினா குறைவு. இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு பரீட்சைகளை ஒப்பிடும்போது முதலாவதிலும் அசைவு உண்டு, இரண்டாவதிலும் அசைவு உண்டு. இரண்டும் சேர்ந்தால் வித்தியாசத்தின் வழு ஒன்றின் வழுவைவிடப் பெரிது. இரண்டரையை இரண்டின் வர்க்கமூலமான 1.41 ஆல் பெருக்கினால் மூன்றரை வினா. நடந்த வீழ்ச்சி மூன்று வினா. ஒரு வழுவைக்கூட அது எட்டவில்லை! பிள்ளையின் படிப்பில் எந்த மாற்றமும் இல்லாமலே இந்த அளவு ஏற்ற இறக்கம் வந்துபோகும். உண்மையில் ஏதோ நடந்திருக்கிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல ஏழு வினா, அதாவது பதினேழு புள்ளி அளவு மாற்றம் வேண்டும். ரியூசன் மாற்றுவதும் தொலைக்காட்சியை அறையில் பூட்டுவதும் அதற்குக் குறைந்த மாற்றத்துக்குச் செய்யப்படுகிற வைத்தியங்கள். இதே கணக்கு மறுபுறமும் பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையல்ல. 60 இலிருந்து 68 க்கு ஏறிய பிள்ளைக்குப் புதிய ரியூசன் மாஸ்டர்தான் காரணம் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை.

முதலாமிடம் எடுத்த பிள்ளைக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பட்டியலின் உச்சியில் இருப்பவர்களில் ஆற்றல் மிகுந்தவர்கள் இருக்கிறார்கள். அன்று வினாக்கள் சாதகமாக வந்தவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டும் கலந்தவர்கள். அடுத்த முறை அந்தச் சாதகம் கூடவே வரும் என்பதில்லை. அதனால் உச்சியில் இருந்தவர்கள் கூட்டாகப் பார்க்கும்போது சற்று இறங்குவதும், அடியில் இருந்தவர்கள் சற்று ஏறுவதும் கணக்கின் இயல்பு. புகழ்ந்ததால் பிள்ளை கெட்டுவிட்டாள், ஏசியதால் திருந்திவிட்டாள் என்று நாம் எடுக்கும் முடிவுகளில் எத்தனை இந்த இயல்பை மட்டுமே பார்த்து எடுத்தவை என்று யோசித்தால் சிரிப்பும் வருகிறது, வேதனையும் வருகிறது.

வகுப்பின் விடைத்தாள்கள் கையில் இல்லாத உம்மா ஒருவர் வீட்டிலிருந்தே மதிப்பிட ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிரடெரிக் லார்ட் என்ற அளவீட்டு அறிஞர் 1950களில் கொடுத்தது. சரியான விடைகளின் எண்ணிக்கையைப் பிழையானவற்றின் எண்ணிக்கையால் பெருக்கி, மொத்த வினாவில் ஒன்று குறைத்த எண்ணால் பிரித்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நம் பிள்ளைக்கு 27 சரி, 13 பிழை. பெருக்கினால் 351. 39 ஆல் பிரித்தால் 9. வர்க்கமூலம் 3 வினா. முன்பு கண்ட இரண்டரையைவிட இது சற்றுக் கூட. காரணம், எந்தக் கடினத்திலும் எந்த வினாவும் வந்திருக்கலாம் என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. இதில் இன்னொன்றும் தெரிகிறது: 36 சரியாக எழுதிய பிள்ளைக்கு வழு இரண்டு வினாவுக்கும் குறைவு, 20 சரியாக எழுதியவளுக்கு மூன்றுக்கும் மேல். நடுவில் நிற்பவர்களின் புள்ளிதான் அதிகம் அசையும். நாம் அதிகம் ஏசுவதும் அவர்களைத்தான்.

இந்தக் கணக்குகளை எங்கே நம்பக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒற்றை–இரட்டை முறையின் பெரிய பலவீனம் நேரம். தாளை முடிக்க நேரம் போதாமல் கடைசி எட்டு வினாக்களைப் பிள்ளை தொடவே இல்லை என்றால், அந்த எட்டில் நான்கு ஒற்றைப் பக்கமும் நான்கு இரட்டைப் பக்கமும் போய்விடும். இரண்டு பாதியும் சமமாக இழப்பதால் வித்தியாசம் சிறிதாகத் தெரியும். தாள் மிக நம்பகமானது போல ஒரு பொய்த் தோற்றம் வரும். கண்டுபிடிப்பது சுலபம். விடைத்தாள்களின் கடைசிப் பகுதியைப் பாருங்கள், அங்கே பல பிள்ளைகளுக்கு வெற்றிடம் இருந்தால் இந்த முறையில் வந்த வழுவை நம்பாதீர்கள். அதேபோல் ஒரே பந்தியை வாசித்து விடை எழுதும் நான்கு வினாக்களை இரு பக்கமும் பிரித்துப் போடக்கூடாது. பந்தி விளங்காதவளுக்கு நான்கும் சேர்ந்தே போகும். அவற்றை ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. ஒரே நாளில் எழுதிய தாளை இரண்டாகப் பிரித்தால், அந்த நாளின் கோளாறு இரண்டு பாதியிலும் ஒரே அளவில் இருக்கும். அன்று காய்ச்சல் என்றால் இரண்டும் குறையும், வித்தியாசத்தில் அது தெரியாது. வடகீழ்ப் பருவமழையில் முற்றத்தில் வெள்ளம் நிற்க, இரவு தூங்காமல் வந்து தவணைப் பரீட்சை எழுதிய பிள்ளைகளை இந்தப் பக்கத்தில் கற்பிக்கும் எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். கட்டுரைக்குப் புள்ளியிடும்போது ஓர் ஆசிரியர் 14 போடுவதும் இன்னொருவர் 11 போடுவதும்கூட இந்தக் கணக்கில் சேராது. ஆகவே நாம் கண்ட இரண்டரை வினா என்பது அசைவின் முழு அளவு அல்ல, குறைந்தபட்ச அளவு. வினாவே பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தால், அது அசைவு அல்ல, எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளும் சாய்வு. அதற்கு எந்த ஆயிடையும் மருந்தாகாது.

இப்போது புலமைப்பரிசில் பரீட்சை. 2024 செப்டெம்பர் 15 அன்று நடந்த பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகியிருந்தன என்ற பிரச்சினை நாடு முழுவதையும் உலுக்கியது. விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் மறுபரீட்சை நடத்தாமல், அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி வழங்குவதென முடிவாகி, 2025 ஜனவரியில் பெறுபேறுகள் வந்தன. பெற்றோர் வீதிக்கு வந்தது சரியே. சிலருக்கு மட்டும் வினா கிடைப்பது அநீதி. ஆனால் அந்த எண்ணைப் பாருங்கள். மூன்று வினா. முதலாம் தாளில் 40 வினாக்கள். நாம் மேலே கண்டபடி, 40 வினாத் தாளொன்றில் இயல்பாகவே உள்ள அசைவு இரண்டரை முதல் மூன்று வினா. எவரும் எதையும் திருடாத ஆண்டிலும், நேர்மையாக நடந்த பரீட்சையிலும், கிட்டத்தட்ட அதே அளவு ஏற்ற இறக்கம் ஒவ்வொரு பிள்ளையின் புள்ளியிலும் சத்தமில்லாமல் இருக்கிறது. அதில் வஞ்சகம் இல்லை. யாருக்குச் சாதகம் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது. ஆனால் இருக்கிறது.

வெட்டுப்புள்ளியின் இரு பக்கத்திலும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டு தாளுக்கும் மொத்தம் 200 புள்ளி. ஒவ்வொரு தாளிலும் வழு 6 என்றே வைத்துக்கொள்வோம். வழுக்களை நேரே கூட்டுவதில்லை, வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுப்போம். 36 உம் 36 உம் 72, வர்க்கமூலம் எட்டரை. உதாரணத்துக்கு வெட்டுப்புள்ளி 140 என்று கொள்ளுங்கள். 136 எடுத்த பிள்ளையின் ஆயிடை ஏறத்தாழ 128 இலிருந்து 144 வரை. 144 எடுத்த பிள்ளையின் ஆயிடை 136 இலிருந்து 152 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. ஒருத்திக்கு மாலை போட்டு, பாடசாலை மதிலில் பெனர் கட்டுகிறோம். மற்றவள் வீட்டில் கதவடைத்து அழுகிறாள். அரசாங்கம் எங்காவது ஒரு கோடு போட்டே ஆக வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. கொடுப்பதற்கு உள்ள உதவிப்பணமும் பிரபல பாடசாலை இடங்களும் எண்ணிக்கையில் குறைந்தவை, ஆகவே வெட்டுகிறார்கள். ஆயிடையைக் காட்டி 136 க்கும் இடம் கேட்க முடியாது. கேட்டால் அடுத்து 132 வந்து நிற்கும். நான் சொல்வது, அந்தக் கோடு பங்கீட்டுக்காகப் போட்டது. பிள்ளைகளை இரண்டு இனமாகப் பிரிக்கும் அறிவு அந்தக் கோட்டிடம் இல்லை.

இதைப் பெற்றோருக்குச் சொல்வது புதுமையான காரியமல்ல. அமெரிக்காவில் பல்கலைக்கழக அனுமதிக்கு எழுதும் எஸ்ஏடி பரீட்சையின் புள்ளி அறிக்கையில், புள்ளியோடு அது அசையக்கூடிய வீச்சும் அச்சிடப்படுகிறது. உளவியலாளர் ஒருவர் பிள்ளையின் நுண்ணறிவைச் சோதித்து அறிக்கை எழுதும்போது ஆயிடை இல்லாமல் எழுதுவது தொழில் ஒழுங்குக்குப் பிசகு. ஒரு பிள்ளையின் எதிர்காலம் பற்றி எங்கெல்லாம் அளவீட்டை வைத்துப் பேசுகிறார்களோ அங்கெல்லாம் இது வழக்கம்.

எதிர்ப்பும் கேட்டிருக்கிறேன். பெற்றோருக்கு விளங்காது என்கிறார்கள் சில ஆசிரியர்கள். சந்தையில் தராசு முள் ஆடும்போது நிற்கட்டும் என்று காத்திருக்கிற உம்மாவுக்கு இது விளங்காது என்பதை நான் ஏற்கவில்லை. இன்னொரு எதிர்ப்பு கூடுதல் கனமானது: கற்பிக்காத ஆசிரியர் இதைச் சாட்டாகப் பிடித்துக்கொள்வார், எல்லாம் வழு என்று கைவிரிப்பார். அதற்கும் கணக்கிலேயே பதில் உண்டு. தனிப் பிள்ளையின் ஒரு புள்ளி அசையும். 36 பிள்ளைகளின் சராசரியில் இந்த அசைவு ஆறில் ஒன்றாகச் சுருங்கிவிடும். வகுப்புச் சராசரி எட்டுப் புள்ளி இறங்கினால் பிள்ளைகளின் அதிர்ஷ்டத்தைக் குற்றம் சொல்ல முடியாது. தாள் கடினமானதா அல்லது கற்பித்தலில் குறையா என்று பார்க்கத்தான் வேண்டும்.

பிள்ளைக்கும் இதே வழி திறந்திருக்கிறது. ஒரு பரீட்சையைப் பார்க்காமல் நான்கு பரீட்சைகளின் சராசரியைப் பார்த்தால் வழு பாதியாகும். 6 புள்ளி 3 ஆகும். நாள் காய்ச்சலும் மழையும்கூட நான்கு நாட்களில் ஓரளவு கலந்து கரைந்துவிடும். அதனால் பெற்றோரிடம் நான் கேட்பது, மாதிரிப் பரீட்சைப் புள்ளியை வந்தவுடன் முந்தியதோடு ஒப்பிட வேண்டாம். ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நான்கு சேர்ந்த பின் சராசரியை எடுங்கள். அடுத்த நான்கின் சராசரியோடு அதை ஒப்பிடுங்கள். அப்போதும் எட்டோ ஒன்பதோ புள்ளி இறங்கியிருந்தால், பாடசாலைக்கு வந்து பேசுங்கள். அன்று பேச உண்மையான விடயம் இருக்கும்.

அறிக்கையில் எப்படி எழுதலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். எண்ணை மட்டும் மாற்றினால் போதும், வசனம் எல்லாருக்கும் ஒன்றே: "கணிதம் 68. இதே மாதிரியான வேறு தாளில் இவருக்கு 61 க்கும் 74 க்கும் இடைப்பட்ட புள்ளி கிடைத்திருக்கக்கூடும். இந்த எல்லைக்குள் உள்ள ஏற்ற இறக்கத்தை முன்னேற்றமாகவோ பின்னடைவாகவோ கொள்ள வேண்டாம்." இடம் என்ற பெட்டியை எடுத்துவிட்டால் இதற்கு அச்சுத்தாளில் தாராளமாக இடம் கிடைக்கும். ஒற்றை–இரட்டை எண்ணிக்கையை ஒரு வகுப்புக்கு எடுக்க ஒரு பின்னேரம் போதும். உயர்தரத்தில் கணிதம் படிக்கும் மாணவிகள் இரண்டு பேர் சேர்ந்தால் அதற்கும் குறைவாகவே ஆகும், நியம விலகல் பாடத்துக்கு அவர்களுக்கும் அது பயிற்சி. வரும் தவணைக்கு முதலில் தரம் 5 இன் ஒரு பிரிவில் செய்து பார்க்கலாம்.